பச்சைக் கேண்டிலும் கழிந்த 18,000 ரூபாயும்: ஹைக்கின் ஆஷி சார்ட்டில் ஒன்பது நாள்

ஒரே வர்த்தகத்துக்கு இரண்டு கணக்கு. பழைய விலைகளை வைத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட், 19,797 ரூபாய் லாபம் என்கிறது. தரகரின் கணக்கில் 7,000 ரூபாய் நஷ்டம். பங்கு ஒன்று, விதி ஒன்று, வாங்கிய நாளும் விற்ற நாளும் ஒன்றே. இடையில் இருக்கும் 26,797 ரூபாய் எங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வு.

வர்த்தகம் செய்தவர் கம்பத்துக்காரர். குமுளியில் ஏலக்காய்க் கடை. காலையில் மலையேறுவார், மாலையில் இறங்குவார், நடுவில் கிடைக்கிற நேரத்தில் போனில் பங்கு ஃபியூச்சர் பார்ப்பார். என்னைவிட மூத்தவர், அதனால் இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன். பங்கின் பெயர் வேண்டாம் என்றார். விலைகளையும் கணக்குப் போட வசதியாக முழு ரூபாயாக்கியிருக்கிறேன். ஒரு லாட் 500 பங்கு.

அண்ணனின் விதி எளிமையானது. நாள் சார்ட்டை, விலைகளின் சராசரியை வைத்துக் கேண்டில் வரையும் ஹைக்கின் ஆஷிக்கு மாற்றிக்கொள்வார். கேண்டிலின் தடித்த உடலுக்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுதான் திரி; அடியில் திரி இல்லாத பச்சைக் கேண்டில் ஒன்று முடிந்தால் மறுநாள் காலை வாங்குவார். சிவப்புக் கேண்டில் ஒன்று முடிந்தால் மறுநாள் காலை விற்பார். நடுவில் எதையும் தொடமாட்டார். கடையில் ஆள் வந்துகொண்டே இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்க்க முடியாது என்பதால் இப்படி ஒரு விதியைப் பிடித்தார். காரணம் நியாயமானதுதான்.

முதலில் இந்தக் கேண்டில் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கேண்டிலில் இருக்கும் ஓப்பன், ஹை, லோ, குளோஸ் நான்குமே சந்தையில் உண்மையில் நடந்த விலைகள். ஹைக்கின் ஆஷியில் அந்த நான்கையும் வைத்து வேறு நான்கு எண்களைக் கணக்கிடுகிறார்கள்.

```
HA Close = (O + H + L + C) / 4
HA Open  = (முந்தைய HA Open + முந்தைய HA Close) / 2
HA High  = max(H, HA Open, HA Close)
HA Low   = min(L, HA Open, HA Close)
```

இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய ஓப்பன் என்று சார்ட் காட்டும் எண்ணில் இன்றைய விலை எதுவுமே கிடையாது. அது நேற்றைய கேண்டில் உடலின் சரியான நடுப்புள்ளி. நேற்றைய ஓப்பனும் அதற்கு முந்தைய நாளின் நடுப்புள்ளிதான். அப்படியே பின்னால் போனால், நேற்றைய சராசரிக்குப் பாதி எடை, முந்தாநாளுக்குக் கால், அதற்கு முன்னால் அரைக்கால் என்று பழைய விலைகள் எல்லாம் இன்றைய ஓப்பனுக்குள் உட்கார்ந்திருக்கும். ஏறுமுகத்தில் இந்த ஓப்பன் எப்போதும் பின்னாலேயே இழுபட்டு வரும். அதனால் குளோஸ் அதற்கு மேலே நிற்கும், கேண்டில் பச்சையாகவே தொடரும். சின்ன ஏற்ற இறக்கங்களின் இரைச்சலை வடிகட்டும் வேலை பெரும்பாலும் இந்த இழுவையால் நடப்பதுதான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அண்ணனுக்கு இதை விளக்க எனக்கு அவருடைய தொழிலே கை கொடுத்தது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தில் ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் அதிகபட்ச விலை, சராசரி விலை இரண்டும் வரும். சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் சராசரியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சராசரி விலைக்கு ஒரு லாட்கூடக் கைமாறாமல் இருந்திருக்கலாம். "சராசரிக்குக் கொடுப்பா என்று யாரிடம் போய்க் கேட்பது?" என்று அவரே சிரித்தார். சார்ட்டில் மட்டும் அதை மறந்துவிட்டார். அவர் மட்டுமில்லை, நிறையப் பேர் மறக்கிறார்கள்.

சரி, ஒன்பது நாளுக்கு வருவோம். முதல் நாளுக்கு முந்தைய ஹைக்கின் ஆஷி கேண்டில் 1000-இல் திறந்து 1010-இல் முடிந்திருந்தது. அங்கிருந்து கணக்கு தொடங்குகிறது.

| நாள் | ஓப்பன் | ஹை | லோ | குளோஸ் | ஹை.ஆ. ஓப்பன் | ஹை.ஆ. குளோஸ் |
|---|---|---|---|---|---|---|
| 1 | 1012 | 1030 | 1008 | 1026 | 1005 | 1019 |
| 2 | 1030 | 1034 | 1014 | 1018 | 1012 | 1024 |
| 3 | 1022 | 1050 | 1020 | 1044 | 1018 | 1034 |
| 4 | 1056 | 1072 | 1050 | 1066 | 1026 | 1061 |
| 5 | 1070 | 1090 | 1058 | 1062 | 1043.50 | 1070 |
| 6 | 1064 | 1104 | 1060 | 1100 | 1056.75 | 1082 |
| 7 | 1080 | 1086 | 1062 | 1064 | 1069.38 | 1073 |
| 8 | 1040 | 1046 | 1018 | 1024 | 1071.19 | 1032 |
| 9 | 1016 | | | | 1051.59 | |

முதல் நாள் கேண்டில் பச்சை, அடியில் திரி இல்லை. விதிப்படி இரண்டாம் நாள் காலை 1030-இல் அண்ணன் ஒரு லாட் வாங்கினார். அன்றே விலை இறங்கி 1018-இல் முடிந்தது. சாதாரண சார்ட்டில் அது சிவப்புக் கேண்டில். அதைப் பார்த்துப் பயந்து மறுநாள் காலை விற்றிருந்தால் 1022 கிடைத்திருக்கும், நான்காயிரம் நஷ்டத்தோடு கதை முடிந்திருக்கும். ஹைக்கின் ஆஷி அந்த நாளைப் பச்சையாகவே காட்டியது. ஐந்தாம் நாளும் அப்படித்தான். நிஜத்தில் 1070-இல் திறந்து 1062-இல் முடிந்த சிவப்பு நாள், சார்ட்டில் தடித்த பச்சை. இரண்டு முறையும் அண்ணன் பொறுமையாக உட்கார்ந்திருந்தார், ஆறாம் நாள் விலை 1100-ஐத் தொட்டு முடிந்தது. அப்போது கணக்கில் 35,000 ரூபாய் லாபம் ஏறியிருந்தது. இந்த வடிகட்டி அதன் வேலையை ஒழுங்காகவே செய்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நஷ்டம் வந்ததும் இதைத் தூக்கி எறிகிறவர்கள் இந்த ஆறு நாளை மறந்துவிடுகிறார்கள்.

ஏழாம் நாள்தான் கதை திரும்புகிறது. முந்தைய நாள் 1100-இல் முடிந்த விலை 1080-இல் திறந்தது, 1064-இல் முடிந்தது. ஒரே நாளில் 36 ரூபாய் இறக்கம். சார்ட்டில் கேண்டில் பச்சை.

அன்று மாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சார்ட் பச்சையா இருக்கு, கணக்குல பதினெட்டாயிரம் கழிச்சுட்டாங்க. தரகு ஆபீஸ்ல ஏதும் தப்பா?" என்றார். தப்பு எதுவும் இல்லை. ஃபியூச்சரில் லாப நஷ்டத்தை அன்றன்றே தீர்த்துவிடுவார்கள். அந்தத் தீர்வு சந்தையின் உண்மை விலையில் நடக்கும், சார்ட்டில் நாம் எந்த வகைக் கேண்டில் வைத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. (அன்றைய தீர்வு விலை, கடைசியாக நடந்த விலையிலிருந்து கொஞ்சம் மாறலாம். இங்கே இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன்.) 36 பெருக்கல் 500, பதினெட்டாயிரம். அவ்வளவுதான். உண்மையில் அந்த மாலை அண்ணனுக்குச் சார்ட்டைவிட மார்ஜின் கணக்குதான் சரியான செய்தி சொன்னது.

இந்த ஏழாம் நாள் கேண்டிலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓப்பன் 1069.38, குளோஸ் 1073. உடல் நான்கு ரூபாய்கூட முழுசாக இல்லாத பொடிசு. முதல் ஆறு நாளும் இல்லாத அடித்திரி இன்று முதன்முறையாக 1062 வரை தொங்குகிறது, மேலேயும் 1086 வரை திரி. ஹைக்கின் ஆஷியை ஒழுங்காகப் படிக்கிறவர்கள் இதை ஓட்டம் தளர்ந்ததற்கான அடையாளம் என்பார்கள். ஆக, சார்ட்டும் முழுப் பொய் சொல்லவில்லை. அண்ணனின் விதி நிறத்தை மட்டும் பார்த்தது, திரியைப் பார்க்கவில்லை.

ஆனால் சார்ட் காட்டவே முடியாத ஒன்று உண்டு. நிஜ விலை 1064-இல் நிற்கிறது. பச்சைக் கேண்டிலின் உடலோ 1069.38-இலிருந்து தொடங்குகிறது. அதாவது சந்தை, பச்சை உடலுக்குக் கீழே முடிந்திருக்கிறது. இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் நிஜக் கேண்டில் சிவப்புதான், ஆனாலும் அன்று நிஜக் குளோஸ் உடலின் அடியைவிட மேலேதான் இருந்தது: 1018-க்கு 1012, 1062-க்கு 1043.50. வெறும் இரைச்சலுக்கும் திரும்பலுக்கும் இந்த வர்த்தகத்தில் இருந்த வித்தியாசம் அதுதான். எல்லா நேரமும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பச்சை உடலுக்குக் கீழே நிஜ விலை முடிந்தால், நிறத்தை நம்பி அன்று தூங்கப் போவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம்.

இன்னொன்றும் அன்று மாலையே கணக்கிட முடியும். மறுநாளின் ஹைக்கின் ஆஷி ஓப்பன் ஏழாம் நாள் முடிந்த உடனே தெரிந்துவிடும்: 1069.38-ம் 1073-ம் கூட்டிப் பாதி, 1071.19. மறுநாள் கேண்டில் பச்சையாக இருக்க வேண்டுமானால் அன்றைய நான்கு விலைகளின் சராசரி இதைத் தாண்ட வேண்டும். விலையோ ஏற்கெனவே ஏழு ரூபாய் கீழே. ஒரு நல்ல ஏற்றம் வந்தால்தான் பச்சை நிலைக்கும், சும்மா கிடந்தாலே சிவப்பு. இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, கடைக் கால்குலேட்டர் போதும். நாளைக்கு நிறம் மாற எந்த விலை வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவது இந்தக் கேண்டிலின் நல்ல குணங்களில் ஒன்று. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

அன்று இரவு அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்தது, மோசமாக வந்தது. எட்டாம் நாள் காலை 1040-இல் திறந்து 1024-இல் முடிந்தது. இப்போது சார்ட் சிவப்பு. எந்த மாதிரிச் சிவப்பு என்று பாருங்கள்: 1071.19-இல் திறந்து படிப்படியாக இறங்கி 1032-இல் முடிந்ததுபோல ஒரு நீளமான கேண்டில். அன்று சந்தையில் நடந்த அதிகபட்ச விலையே 1046. அதற்கு மேல் 25 ரூபாய் உயரம் வரை சார்ட் காட்டும் விலைகள் அன்றைக்கு ஒருவரும் வாங்காத, விற்காத விலைகள். காலையில் விழுந்த 24 ரூபாய் பள்ளம், கேப் டவுன் என்கிறோமே, அது சார்ட்டில் இல்லவே இல்லை. இருக்கவும் முடியாது. இன்றைய ஓப்பன் எப்போதும் நேற்றைய உடலின் நடுவில் வந்து உட்கார்வதால், இந்தக் கேண்டில்களுக்கு இடையில் பள்ளம் விழ வழியே கிடையாது. நான்காம் நாள் மேல்நோக்கி விழுந்த 12 ரூபாய் இடைவெளியையும் அது அப்படித்தான் விழுங்கியது, அன்று அது நமக்குச் சாதகமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை விதிப்படி அண்ணன் விற்றார். விலை 1016. வாங்கியது 1030. பங்குக்குப் பதினான்கு, மொத்தம் ஏழாயிரம் நஷ்டம். தரகும் வரியும் தனி.

பேக்டெஸ்ட் எப்படி 19,797 லாபம் சொன்னது? ஹைக்கின் ஆஷி சார்ட்டின் மேலேயே அதை ஓட்டியிருந்தார்கள். மறுநாள் ஓப்பனில் வாங்கு, மறுநாள் ஓப்பனில் வில் என்பது கட்டளை. மென்பொருளுக்குத் தெரிந்த ஓப்பன், சார்ட்டில் இருக்கும் ஓப்பன். இரண்டாம் நாள் ஓப்பன் 1012, ஒன்பதாம் நாள் ஓப்பன் 1051.59. வித்தியாசம் 39.59. வாங்கும்போது நிஜத்தைவிட 18 ரூபாய் மலிவு, விற்கும்போது நிஜத்தைவிட 35.59 ரூபாய் அதிகம்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பிழை சில நேரம் கூட்டியும் சில நேரம் குறைத்தும் காட்டி, நாளடைவில் சரியாகிவிடும் வகை இல்லை. விலை ஏறத் தொடங்கியதும் வாங்குகிறோம், அப்போது பின்தங்கிய ஓப்பன் நிஜத்துக்குக் கீழே இருக்கும். விலை இறங்கத் தொடங்கியதும் விற்கிறோம், அப்போது பின்தங்கிய ஓப்பன் நிஜத்துக்கு மேலே இருக்கும். டிரெண்டைப் பின்தொடரும் விதி எதுவானாலும் இரண்டு முனையிலும் பிழை நமக்குச் சாதகமாகவே பெரும்பாலும் விழும். நூறு வர்த்தகம் ஓட்டினால் சேர்ந்துகொண்டே போகும். ஹைக்கின் ஆஷியில் ஓட்டிய பேக்டெஸ்ட் வளைவு வழவழப்பாக மேலே போவதைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம்தான் வரும்.

சார்ட் தளமான டிரேடிங்வியூவில் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பைன் மொழியில் எழுதிய உத்தியாக இருந்தால், ஆர்டர்களை உண்மை விலையில் நிரப்பச் சொல்லலாம்:

```
//@version=5
strategy("HA nira vithi", overlay=true, fill_orders_on_standard_ohlc=true)
```

இதைப் போட்டதும் சிக்னல் ஹைக்கின் ஆஷி சார்ட்டிலிருந்தே வரும், நிரப்புவது மட்டும் நிஜ ஓப்பனில் நடக்கும். அண்ணனின் வர்த்தகத்தை அப்படி ஓட்டினால் 1030-க்கு வாங்கி 1016-க்கு விற்றதாகவே காட்டும். இன்னும் பாதுகாப்பானது, சாதாரண சார்ட்டை வைத்துக்கொண்டு `ticker.heikinashi(syminfo.tickerid)` என்பதை `request.security()`-க்குக் கொடுத்து ஹைக்கின் ஆஷி எண்களைத் தனியாக வரவழைத்து, அதை சிக்னலுக்கு மட்டும் பயன்படுத்துவது. அப்போது `close` என்று எழுதினால் அது நிஜக் குளோஸ்தான் என்ற நிம்மதி இருக்கும். இரண்டில் எதைச் செய்தாலும், முதல் இரண்டு மூன்று வர்த்தகங்களின் விலையை நிஜச் சார்ட்டோடு கையால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பத்து நிமிட வேலை.

ஸ்டாப் லாஸ் போடும் இடத்திலும் இதே குழப்பம் உண்டு. நான்காம் நாள் முடிவில் ஒருவர் கேண்டிலின் அடிக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைக்கிறார் என்று வையுங்கள். அன்று ஹைக்கின் ஆஷி லோ 1026. நிஜ லோ 1050. குளோஸ் 1066. நிஜ லோவை நம்பியவருக்கு ஒரு லாட்டில் எட்டாயிரம் பணயம், சார்ட்டில் தெரியும் அடியை நம்பியவருக்கு இருபதாயிரம். இருவருமே "கேண்டிலுக்கு அடியில் வைத்தேன்" என்றுதான் சொல்வார்கள். திரி இல்லாத தட்டையான அடி பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்தத் தட்டை நிஜ லோ எங்கே இருந்தது என்பதை மறைத்ததால் வந்தது.

அண்ணன் நிஜ லோவை வைத்து ஸ்டாப்பை நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடந்த இரண்டு நாளின் நிஜ லோவில் குறைவானதற்கு இரண்டு ரூபாய் கீழே என்று ஒரு வழக்கமான விதியை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் நாள் வரை அது எங்கும் தட்டவில்லை. எட்டாம் நாளுக்கு ஸ்டாப் 1058. சந்தை 1040-இல் திறந்ததால் 1058 கிடைக்காது, ஏறக்குறைய 1040-இல்தான் விற்றிருக்கும். பங்குக்குப் பத்து ரூபாய், ஐந்தாயிரம் லாபம். ஏழாயிரம் நஷ்டத்துக்குப் பதில் ஐந்தாயிரம் லாபம் நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஆறாம் நாள் இருந்த முப்பத்தைந்தாயிரத்தில் பெரும்பகுதி போயே போயிருக்கும். ஏழாம் நாள் மூன்றரை மணிக்குள், நிஜ விலை பச்சை உடலுக்குக் கீழே கிடப்பதைப் பார்த்து வெளியே வந்திருந்தால் 1064-ஐ ஒட்டி விற்றிருக்கலாம். நடந்து முடிந்த பிறகு சொல்வது எளிது என்பது எனக்கும் தெரியும். சந்தை முடிவதற்குள் ஹைக்கின் ஆஷி குளோஸும் நிறமும் மாறிக்கொண்டேயிருக்கும் என்பதால், மூன்று மணி இருபது நிமிடத்தில் பார்ப்பதுகூட ஒரு தோராயம்தான்.

பல பேர் அடுத்தபடியாக, சராசரிகளின் மேல் இன்னொரு மூவிங் ஆவரேஜ் போட்ட வழவழப்பு ஹைக்கின் ஆஷிக்குப் போகிறார்கள். நிறம் இன்னும் குறைவாக மாறும், உண்மை. இழுவை இன்னும் கூடும், இங்கே பார்த்த 18 ரூபாயும் 35 ரூபாயும் இன்னும் பெரிதாகும். நாள் சார்ட்டில், இரவில் செய்தி வரும் தனிப்பங்கில், அது வேண்டாம் என்பது என் எண்ணம். ஐந்து நிமிட சார்ட்டில் பள்ளம் பெரும்பாலும் காலை முதல் கேண்டிலில்தான் விழும் என்பதால் அங்கே சேதம் குறைவு.

அண்ணன் இப்போது போனில் இரண்டு சார்ட் வைத்திருக்கிறார். மேலே ஹைக்கின் ஆஷி, கீழே அதே பங்கின் சாதாரணக் கேண்டில். இருக்கலாமா, விலகலாமா என்பதை மேலே பார்க்கிறார். ஆர்டர் விலை, ஸ்டாப், லாப நஷ்டம் எல்லாம் கீழே. ஒற்றைச் சார்ட்டில்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் விலை அளவுகோலில் நிஜ விலையைக் காட்டும் அமைப்பை இயக்கிவிடலாம், கடைசி விலைக் கோடாவது நிஜ இடத்துக்கு வந்து நிற்கும்.

இரவில் விழும் பள்ளத்துக்கு மட்டும் எந்தச் சார்ட்டிலும் மருந்து இல்லை. காலாண்டு முடிவுக்கான இயக்குநர் கூட்டத் தேதியை நிறுவனங்கள் பங்குச் சந்தைக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. அண்ணன் அந்தத் தேதியைக் கடையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் ஏல நாள்களுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறார். அன்று மதியத்துக்குள் லாட்டை முடித்துவிடுவார், முடிக்க மனமில்லை என்றால், விலை விழுந்தால் ஈடுகட்ட, கீழே ஒரு புட் ஆப்ஷன் வாங்கி வைப்பார். புட்டுக்குக் கொடுக்கும் பிரீமியம் பலமுறை வீண்தான் என்று புலம்புகிறார்.